கிளீன் ரிப்போர்ட் இருந்தும் 96,000 வெள்ளி போனது எப்படி?

கேள்வி: “என் சித்தப்பா இங்கே சிங்கப்பூரில் அரிசி, பருப்பு, மசாலா இறக்கி உணவகங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிறார். வருட விற்பனை 14 மில்லியன், வரிக்கு முந்தைய லாபம் 8 லட்சம் வெள்ளி வரும். மூன்று வருடமும் ஆடிட்டர் கிளீன் ரிப்போர்ட்தான் கொடுத்தார். இப்போது பார்த்தால் கணக்கர் பொய் லாரி பில் போட்டு 96,000 வெள்ளி எடுத்திருக்கிறார். ஆடிட் என்றால் கேரண்டி இல்லையா? அந்த ரிப்போர்ட்டே பொய்யா? ஆடிட்டரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?”

உங்கள் மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். அது கேரண்டி இல்லை. அந்த ரிப்போர்ட் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மூன்றாவதுக்கு, ஆடிட்டரின் வேலைத்தாள்களைப் பார்க்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் சின்ன, நடுத்தர கம்பெனிகளுக்குத் தணிக்கை செய்தவன், அதனால் கொஞ்சம் எங்கள் பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். அதையும் கழித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கறிக்கைப் புத்தகத்தில் டைரக்டர்களின் அறிக்கைக்குப் பின்னால் வரும். நிறைய பேர் அதில் முதல் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்தப் பத்தி சொல்வது சுருக்கமாக இதுதான்: எங்கள் கருத்தில், இந்த நிதி அறிக்கைகள் கம்பெனிகள் சட்டத்தின்படியும் சிங்கப்பூர் கணக்கியல் தரநிலைகளின்படியும் முறையாகத் தயாரிக்கப்பட்டிருக்கின்றன, வருட முடிவில் கம்பெனியின் நிதி நிலையையும், அந்த வருடத்தின் லாப நஷ்டத்தையும் பண வரத்துப் போக்கையும் பற்றி உண்மையான, நியாயமான ஒரு தோற்றத்தைத் தருகின்றன. ‘கருத்து’ என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. கருத்து எதைப் பற்றி என்பதையும் பாருங்கள். நிதி அறிக்கைகளைப் பற்றி மட்டும்தான். உங்கள் கணக்கர் நல்லவரா, செக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார், கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பற்றியெல்லாம் அந்தப் பத்தியில் ஒரு சொல் கூட இருக்காது.

பக்கத்தைத் திருப்பினால், ஆடிட்டரின் பொறுப்பு என்ற பகுதியில் ஒரு வாக்கியம் வரும். உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான், இங்கேயும் அதே. நியாயமான உறுதி என்பது உயர்ந்த அளவிலான உறுதி, ஆனால் தரநிலைகளின்படி செய்யப்படும் தணிக்கை, இருக்கிற பெரிய தவறை எப்போதும் கண்டுபிடித்துவிடும் என்பதற்கு அது கேரண்டி ஆகாது என்று அங்கே எழுதியிருக்கும். உங்கள் சித்தப்பா மூன்று வருடமும் வாங்கி வைத்த ரிப்போர்ட்டிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அச்சாகி இருக்கிறது. யாரும் படிப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் பழைய வருத்தம்.

தமிழில் இதைப் பேசும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அஷ்யூரன்ஸ், கேரண்டி என்று இரண்டு தனித்தனிச் சொற்கள். தமிழில் இரண்டுக்கும் ‘உத்தரவாதம்’ என்றே போட்டுவிடுகிறோம். ‘நியாயமான உத்தரவாதம்’ என்று எழுதினால் ஃபிரிட்ஜுக்குத் தரும் வாரண்டி மாதிரி கேட்கிறது. அதனால்தான் நான் ‘உறுதி’ என்று எழுதுகிறேன். கேரண்டி கொடுத்தவர், சொன்னது நடக்கவில்லை என்றால் காரணம் என்னவாக இருந்தாலும் பணம் கட்ட வேண்டும். ஆடிட்டர் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. ஒரு குறிப்பிட்ட தரத்தில் வேலை செய்கிறேன், அந்த வேலையிலிருந்து கிடைத்த ஆதாரத்தை வைத்து இந்தக் கருத்துக்கு வந்தேன் என்பதுதான் அவர் சொல்வது. முடிவு தவறிப்போனாலும் வேலை சரியாக நடந்திருந்தால் அவர் மேல் குற்றமில்லை. வேலை சரியாக நடக்கவில்லை என்றால் குற்றம் உண்டு. உங்கள் மூன்றாவது கேள்வி முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது.

அந்த வாக்கியத்தில் ‘பெரிய தவறு’ என்று வருகிறதே, அது எவ்வளவு பெரியது? எங்கள் பேச்சில் இதற்கு மெட்டீரியாலிட்டி என்று பெயர். அறிக்கையைப் படிப்பவர் அந்தத் தவறு தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பாரா என்பதுதான் அளவுகோல். உங்கள் சித்தப்பாவின் அறிக்கையை யார் படிப்பார்கள்? அநேகமாக வங்கியும், அவருடைய பங்காளிகளும். 8 லட்சம் லாபம் என்று நம்பிக் கடன் கொடுக்கிற வங்கி, உண்மையான லாபம் 7 லட்சத்து 95 ஆயிரம் என்று தெரிந்தால் கடனை நிறுத்தாது. 5 லட்சம் என்று தெரிந்தால் யோசிக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு போட வேண்டும். லாபம் ஈட்டும் கம்பெனிகளில் வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். இது சட்டம் இல்லை, ஆடிட்டரின் தீர்மானம். உங்கள் கணக்கில் அது 40,000 வெள்ளி. நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறைந்த தொகையை வைத்துத்தான் வேலை செய்வார்கள், சின்னத் தவறுகள் பல சேர்ந்து கோட்டைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக. அரைப்பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை, அதாவது 20,000 முதல் 30,000 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திருட்டைப் பாருங்கள். மூன்று வருடத்தில் 96,000 என்றால் வருடத்துக்கு 32,000. ஒவ்வொரு வருடமும் தனித் தணிக்கை, தனி ரிப்போர்ட். 32,000 அந்த 40,000 கோட்டுக்குக் கீழே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அது பெரிய பணம், எனக்குப் புரிகிறது. கணக்கறிக்கையின் அளவுகோலில் அது விளிம்பில் நிற்கிற தொகை.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இது இல்லை. மெட்டீரியாலிட்டியை மறந்துவிட்டு, அவர் 32,000 இல்லை, வருடம் 1 லட்சம் எடுத்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் லாப நஷ்டக் கணக்கின் கடைசி வரி சரியாகத்தான் இருந்திருக்கும். எப்படி? பொய் லாரி பில் போட்டு வங்கியிலிருந்து பணம் போனது. கணக்கில் என்ன எழுதினார்கள்? போக்குவரத்துச் செலவு என்று எழுதினார்கள். வங்கி இருப்பு குறைந்தது, அது உண்மை. செலவு ஏறியது, அதனால் லாபம் குறைந்தது, அதுவும் உண்மை. கம்பெனியிடம் அந்தப் பணம் இல்லை, இல்லை என்றுதான் அறிக்கையும் சொல்கிறது. தவறு இருப்பது பெயரில் மட்டும்: ‘திருட்டால் நஷ்டம்’ என்று இருக்க வேண்டியது ‘போக்குவரத்து’ என்று இருக்கிறது. வங்கி இந்த அறிக்கையை நம்பிக் கடன் கொடுத்திருந்தால் அது ஏமாந்துபோகவில்லை. ஏமாந்தது உங்கள் சித்தப்பா. திருட்டு நடந்த கம்பெனியின் கணக்கறிக்கை உண்மையான, நியாயமான தோற்றத்தைத் தர முடியும். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் ‘ரிப்போர்ட் பொய்யா’ என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் நேரான பதில்.

அவர் வேறு வழியில் எடுத்திருந்தால் கதை மாறும். உதாரணத்துக்கு, ஒரு உணவகம் ரொக்கமாகக் கொடுத்த 30,000 வெள்ளியைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த உணவகம் இன்னும் பாக்கி வைத்திருப்பதாகவே கணக்கில் விட்டிருந்தால், வராத பணம் ஒன்று உங்கள் சொத்துப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். லாபம் கூடுதலாகத் தெரியும். அந்த ஓட்டை வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போகும், ஏனென்றால் மூடுவதற்கு அடுத்த வாடிக்கையாளரின் பணத்தை எடுத்து முந்தையவர் பெயரில் வரவு வைக்க வேண்டும். அப்படிப்பட்ட திருட்டு ஆடிட்டரின் வலையில் விழ நிறைய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி ‘நீங்கள் இவ்வளவு பாக்கியா’ என்று கேட்பது எங்கள் வழக்கமான வேலை. செலவாக எழுதி முடித்த திருட்டு அப்படித் தடம் விடுவதில்லை. வருட முடிவில் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய், அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கும். கொஞ்சம் விவரம் தெரிந்த கணக்கர்கள் செலவு வழியாகவே எடுப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, பில்களைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்த்திருப்பார்கள், எல்லாவற்றையும் இல்லை. நான் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறேன், உங்கள் உண்மையான எண்கள் வேறாக இருக்கலாம். பொய் பில் ஒவ்வொன்றும் சராசரி 1,200 வெள்ளி என்றால் வருடத்துக்கு 27 பில். மொத்தப் போக்குவரத்து பில்கள் வருடத்துக்கு 1,100 என்று வையுங்கள். அதிலிருந்து ஆடிட்டரின் ஆள் 25 பில்களை எடுத்துப் பார்க்கிறார். அந்த 25-இல் ஒரு பொய் பில் கூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் பாதிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, ஏறத்தாழ 53 சதவீதம். அதாவது ஒரு வருடத்தில் தப்பிப்பது நாணயம் சுண்டுகிற மாதிரி. மூன்று வருடமும் தொடர்ந்து தப்பிப்பதற்கு 15 சதவீதம்தான் வாய்ப்பு. இன்னொரு திருப்பம், பெரிய தொகை பில்களுக்கு முன்னுரிமை கொடுத்து எடுத்திருந்தால் துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் பில்கள்தான் அதிகம் சிக்கும், சின்ன லாரி பில்கள் இன்னும் பாதுகாப்பாக இருக்கும்.

அந்த 15 சதவீதத்தைக் கவனியுங்கள். வாய்ப்புக் கணக்கின்படி மூன்று வருடத்தில் குறைந்தது ஒரு பொய் பில்லாவது ஆடிட்டர் கையில் சிக்கியிருக்கவே அதிக சாத்தியம். பிறகு ஏன் பிடிபடவில்லை? ஏனென்றால் எடுப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. அந்த இளைஞர், பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர், பில்லை எடுக்கிறார். பில்லில் பெயர், தேதி, தொகை இருக்கிறது. பின்னால் பேமெண்ட் வவுச்சர் இருக்கிறது. அதில் ஒப்புதல் கையெழுத்து இருக்கிறது. யாருடைய கையெழுத்து? உங்கள் சித்தப்பாவுடையது. வங்கி ஸ்டேட்மெண்டில் அதே தொகை போயிருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது, டிக் அடித்துவிட்டு அடுத்த பில்லுக்குப் போகிறார். தரநிலைகளே ஒப்புக்கொள்கிற விஷயம் இது: ஆடிட்டர் ஆவணங்களின் மெய்ப்பொய்யைக் கண்டுபிடிக்கும் நிபுணர் இல்லை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை ஆவணத்தை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். காரணம் இருந்தால் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம், ஒரு வர்த்தகக் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குப் பாக்கியை உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்பினோம். இரண்டே நாளில் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்புமாக ஃபேக்ஸில் பதில் வந்தது. சந்தோஷமாகக் கோப்பில் போட்டேன். மேலதிகாரி தாளின் உச்சியில் இருந்த ஃபேக்ஸ் எண்ணைப் பார்த்தார். அது எங்கள் கிளையண்டின் இன்னொரு கிளை அலுவலக எண். கடிதத்தை நாங்களே தபாலில் போடாமல் கிளையண்டின் ஆளிடம் கொடுத்து அனுப்பச் சொன்னதுதான் என் தவறு. அன்று அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தக் கருத்தும் கிளீனாகத்தான் போயிருக்கும், அதில் என் பங்கும் இருந்திருக்கும். அப்படித் தவறியிருந்தால் ‘நியாயமான உறுதிதான் கொடுத்தோம்’ என்று சொல்லித் தப்பித்திருக்க முடியாது. கடிதத்தை ஆடிட்டரே அனுப்பி, பதிலை ஆடிட்டரே வாங்க வேண்டும் என்பது தரநிலையின் அடிப்படை விதி.

எல்லா பில்களையும் பார்த்துவிட்டால் கேரண்டி கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கட்டணம் பல மடங்கு ஆகும் என்பது ஒரு பக்கம். பார்த்தாலும் முடியாது என்பது இன்னொரு பக்கம். கையெழுத்து இருக்கிற பொய் பில் 27-ஐயும் பார்த்தாலும் 27 டிக்தான் விழும். அதோடு, கணக்கறிக்கையில் உள்ள எண்களில் கணிசமானவை நடந்து முடிந்தவை இல்லை, மதிப்பீடுகள். ஓர் உணவகம் பதினான்கு மாதமாக 60,000 வெள்ளி பாக்கி வைத்திருக்கிறது. வருமா வராதா? அது அந்த உணவகக்காரருக்கே தெரியாது. ஆடிட்டர் பழைய வசூல் விவரத்தைப் பார்ப்பார், வருட முடிவுக்குப் பிறகு ஏதாவது கட்டினார்களா என்று பார்ப்பார், டைரக்டர் போட்டிருக்கும் கழிவு நியாயமாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வார். நாளை நடக்கப்போவதற்கு இன்று யார் கேரண்டி கொடுப்பது?

கிளீன் இல்லாத ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்வது நல்லது, அப்போதுதான் கிளீனின் எடை தெரியும். ஒரு குறிப்பிட்ட விஷயம் மட்டும் சரியில்லை என்றால் ‘இது நீங்கலாக’ என்று சொல்லிக் கருத்துத் தருவார்கள். தவறு அறிக்கை முழுக்கப் பரவியிருந்தால் எதிர்மறைக் கருத்து. ஆதாரமே போதாமல், அந்தக் குறையின் பாதிப்பும் பரவலாக இருக்கலாம் என்றால் கருத்துச் சொல்லவே மறுப்பார்கள். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்ற பெரிய சந்தேகம் இருந்தால், கருத்து கிளீனாகவே இருந்தாலும் அதற்கென்று தனிப் பகுதி ஒன்று ரிப்போர்ட்டில் இருக்கும். அதையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இவை எதுவும் இல்லாத ரிப்போர்ட்டைத்தான் நாம் கிளீன் என்கிறோம்.

இனி மூன்றாவது கேள்வி. ஆடிட்டர்களுக்குப் பிடித்த ஒரு பழைய ஆங்கிலத் தீர்ப்பு உண்டு, 1896-இல் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில் வந்தது. ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் இல்லை என்றார் நீதிபதி. அந்த ஆலையில் மேலாளர் சரக்கிருப்பைக் கூட்டி எழுதிக் கொடுத்தார், ஆடிட்டர்கள் அவர் சொன்னதை நம்பினார்கள், நீதிமன்றம் அவர்கள் மேல் குற்றமில்லை என்றது. இன்று அந்த ஆடிட்டர்கள் அப்படித் தப்பிக்க முடியாது. சரக்கு பெரிய தொகை என்றால் ஆடிட்டர் எண்ணும் இடத்துக்கே போய் நிற்க வேண்டும் என்பது இப்போதைய விதி. காவல் நாய் என்றாலும் குரைக்க வேண்டிய நேரத்தில் குரைக்க வேண்டுமே.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல வழக்கு இருக்கிறது. கேலிக் இன்ஸ் என்ற பப் நடத்தும் கம்பெனி தன் ஆடிட்டர்கள் மேல் போட்டது, 2007-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கம்பெனியின் நிதி மேலாளர் பப்களின் ரொக்க விற்பனைப் பணத்தை எடுத்துக்கொண்டார். ஓட்டையை மறைக்க, பிந்தைய நாட்களின் விற்பனைப் பணத்தை வங்கியில் போட்டு முந்தைய நாட்களின் கணக்கை மூடிக்கொண்டே வந்தார். இது உங்கள் லாரி பில் மாதிரி இல்லை. வருட முடிவில், விற்பனை ஆகிவிட்டது ஆனால் வங்கிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று ஒரு தொகை தொங்கிக்கொண்டிருக்கும். ராத்திரி பப்பில் வசூலான ரொக்கம் ஓரிரு நாளில் வங்கிக்குப் போக வேண்டும். அதற்கு மேல் இழுக்கிறது என்றால் கேட்க வேண்டியது ஆடிட்டரின் வேலை. ஆடிட்டர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்றுதான் நீதிமன்றம் முடிவு செய்தது. அதே தீர்ப்பில், தன் பணத்தைத் தானே கண்காணிக்காத கம்பெனிக்கும் பொறுப்பில் பங்கு உண்டு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைத்தது. உங்கள் சித்தப்பாவின் கையெழுத்து இருக்கும் அந்த வவுச்சர்களை நினைத்துத்தான் இந்தக் கடைசி வரியைச் சொல்கிறேன்.

ஆக, கேட்க வேண்டியது ‘திருட்டைக் கண்டுபிடித்தாரா’ என்று இல்லை. சந்தேகப்படக் காரணம் அவர் கண்முன்னால் இருந்ததா, இருந்தும் கேட்காமல் விட்டாரா என்பதுதான். அந்தப் பொய் பில்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். பில்லில் யூ.இ.என் பதிவெண் இருக்கிறதா? இருந்தால் அக்ராவின் பிஸ்ஃபைலில் போட்டுப் பாருங்கள், அப்படி ஒரு கம்பெனி உண்டா? பணம் எங்கே போனது? கம்பெனிகளுக்குப் பொதுவாக யூ.இ.என்னுக்கு பேநவ் செய்வோம். ஒரு லாரிக் கம்பெனிக்கு யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் போயிருந்தால் அது கேள்வி கேட்க வேண்டிய இடம். பணம் போன வங்கிக் கணக்கும் உங்கள் கணக்கரின் சம்பளக் கணக்கும் ஒன்றா? பில் எண்கள் வரிசையாக வருகின்றனவா? ஒரு லாரிக் கம்பெனிக்கு வருடம் முழுக்க உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லாத மாதிரி 101, 102, 103 என்று போகாது. இவற்றில் எது ஆடிட்டர் எடுத்துப் பார்த்த பில்லிலேயே வெளிப்படையாக இருந்தது என்பதுதான் அவர் மேல் உள்ள வழக்கின் பலம். அவர் எடுக்காத பில்லில் எத்தனை ஓட்டை இருந்தாலும் அது அவருக்கு எதிராகப் பெரிதாக நிற்காது.

அப்புறம் இன்னொரு காகிதம் இருக்கிறது, அதை முதலில் தேடுங்கள். தணிக்கை முடிந்ததும் உள்கட்டுப்பாட்டில் கண்ட முக்கியமான குறைகளை ஆடிட்டர் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பார், மேனேஜ்மெண்ட் லெட்டர் என்போம். புதிய சப்ளையரைக் கணக்கில் சேர்ப்பதும், பில் பதிவதும், பணம் அனுப்புவதும் ஒரே ஆள் என்று அதில் எழுதியிருந்து, உங்கள் சித்தப்பா ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் எழுதியிருந்தால், ஆடிட்டரிடம் பணம் கேட்பது ரொம்பக் கஷ்டம். மூன்று வருடமும் அப்படி ஒரு கடிதமே வரவில்லை, ஆனால் ஒரே ஆள்தான் எல்லாம் செய்தார் என்று ஆடிட்டருக்குத் தெரியும் என்றால், வழக்கறிஞரிடம் போய்ப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. என் அனுபவத்தில் இந்தக் கடிதம் பெரும்பாலும் வந்திருக்கும், திறக்காமல் இருக்கும்.

தணிக்கையே வீண் செலவு என்று சித்தப்பா கோபத்தில் முடிவெடுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். இந்த ஊரில் விற்பனை 10 மில்லியன், மொத்தச் சொத்து 10 மில்லியன், ஊழியர் 50 என்ற மூன்று வரம்புகளில் இரண்டுக்குள் அடங்கும் தனியார் கம்பெனிக்குப் பொதுவாகத் தணிக்கை தேவையில்லை. இரண்டு வருடம் தொடர்ந்து அப்படி இருக்க வேண்டும், குழுமம் என்றால் குழுமத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் விற்பனை 14 மில்லியன் என்றாலும் மற்ற இரண்டும் உள்ளே இருந்தால் அவர் தணிக்கையை விட்டுவிட முடியும். ஆனால் வங்கி கேட்டால் விட முடியாது. விட்டாலும் இந்த மாதிரித் திருட்டு நிற்காது, அதை நிறுத்துவது தணிக்கை இல்லை. வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன் ‘இந்த லாரி எந்த டெலிவரிக்குப் போனது’ என்று டெலிவரி ஆர்டரைக் கேட்டிருந்தால் முதல் மாதத்திலேயே நின்றிருக்கும்.

காலக்கெடுவையும் மறக்க வேண்டாம். ஒப்பந்த மீறல், கவனக்குறைவு என்று வழக்குப் போட பொதுவாக ஆறு வருடம். முதல் வருட ரிப்போர்ட்டிலிருந்தே எண்ணத் தொடங்கலாம் என்பதால் ஆற அமர யோசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். கணக்கர் மேல் போலீஸில் புகார் கொடுப்பது தனி விஷயம், அதற்கு ஆடிட்டர் விவகாரம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான்: பொய் பில்கள், அவற்றின் வவுச்சர்கள், வங்கி ஸ்டேட்மெண்டுகள், மூன்று வருட மேனேஜ்மெண்ட் லெட்டர்கள், ஆடிட்டரின் நியமனக் கடிதம் இவை அத்தனையையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பூட்டி வையுங்கள். அந்தக் கணக்கர் இன்னும் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தால் சாவி அவரிடம் இருக்கக் கூடாது.